மியூட் செய்த குடும்பம்

துபாயிலோ ஷார்ஜாவிலோ கட்டுமான வேலை பார்க்கும் ஒருவரின் போனில் குடும்பம் மூன்று நான்கு வாட்ஸ்அப் குழுக்களாகப் பிரிந்து கிடக்கும். கூடப் பிறந்தவர்களுக்கு ஒன்று, அப்பா வழிச் சொந்தத்துக்கு ஒன்று, மாமியார் வீட்டுக்கு ஒன்று, ஊர்க்காரர்களுக்கு ஒன்று. காலை வணக்கப் படம், கோயில் கும்பாபிஷேக அழைப்பு, யாரோ அனுப்பிய மூலிகை வைத்தியம், பிறந்தநாள் வாழ்த்துக்கு நாற்பது பேர் போட்ட கைகூப்பு எல்லாம் இவற்றில் வந்து விழும். அதே இடத்தில்தான் ஒருநாள் “அப்பாவுக்கு நெஞ்சுவலி” என்ற செய்தியும் வரும். இதைச் சமாளிக்கப் பலரும் கண்டுகொண்ட வழி, பெரிய குழுக்களை நிரந்தரமாக மியூட் செய்துவிட்டு மனைவி, அம்மா, அண்ணன் ஆகியோரின் தனி அரட்டைகளை மட்டும் மேலே பின் செய்து வைப்பது. சத்தத்தைக் குறைப்பதற்கு இந்த வழக்கம் சரியானது. அவசரத்தைக் காட்டிக்கொடுப்பதற்கு இது போதாது. எது அவசரம் என்பது அனுப்புகிறவருக்குத்தான் தெரியும். வடிகட்டியோ பெறுகிறவரின் போனில் இருக்கிறது. இந்த இடைவெளியை எந்த செட்டிங்ஸும் தானாக அடைக்காது.

முதலில் மியூட்டின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். எல்லாச் செய்திக்கும் மணி அடித்தால் முக்கியமான செய்தி தப்பாது என்பது பலரும் நம்பும் தவறு. மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். அங்கே கருவிகள் ஓயாமல் கத்துவதால் செவிலியர்களின் காது மரத்துப்போய், உண்மையான ஆபத்தின் ஒலியும் கவனிக்கப்படாமல் போகிறது. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயிண்ட் கமிஷன் 2013இல் இதற்காகத் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை தன்னிடம் பதிவான 98 அலாரம் சம்பவங்களில் 80 மரணத்தில் முடிந்தன என்று அது கணக்குக் காட்டியது. அலாரம் அடித்தும் யாரும் திரும்பிப் பார்க்காதது அங்கே பெரிய கவலையாக இருந்தது. குடும்பக் குழுவிலும் நடப்பது இதுதான். நாளுக்கு நூறு தடவை அதிரும் போனை நூற்றியோராவது தடவை யாரும் பதறி எடுப்பதில்லை. ஆகவே மியூட் செய்பவரைக் குடும்பப் பாசம் இல்லாதவர் என்று சொல்வது அநியாயம்.

ஆனால் மியூட்டோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதில்தான் சிக்கல். ஒரு மாதிரி நிகழ்வை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்று. மகன் துபாய் லேபர் கேம்ப்பில். இந்திய நேரம் அதிகாலை 2:40க்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி. அமீரகம் ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் அங்கே மணி 1:10. தம்பி ஆட்டோவில் போய்க்கொண்டே பெரிய குழுவில் “அப்பாவுக்கு முடியல, தஞ்சாவூர் மெடிக்கல் கொண்டு போறோம்” என்று போடுகிறார். ஒரே செய்தியில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டதே, குழு இருப்பதே அதற்குத்தானே. விழித்திருந்த ஏழெட்டுப் பேர் கைகூப்பும் “என்னாச்சு”வும் போடுகிறார்கள். மகன் நாலு மணிக்கு எழும்போது ஊரில் ஐந்தரை. சரியாகக் காலை வணக்கப் படங்கள் வரத் தொடங்கும் நேரம். தம்பியின் வரி மேலே போய்விட்டது. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் குழுவின் மீதிருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அவர் போனைப் பைக்குள் போடுகிறார். சைட்டில் போனுக்கு இடமில்லை. பகல் 12:30 இடைவேளையில் திறக்கும்போது ஊரில் மணி இரண்டு. செய்தி போட்டுப் பதினொன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மியூட் செய்யாமல் இருந்திருந்தால் மட்டும் கேட்டிருக்குமா? ஆறு பேர் படுக்கும் அறையில், ஷிப்ட் மாறி வருகிறவர்களின் தூக்கம் கெடாமல் இருக்க, இரவில் எல்லாப் போனும் சைலண்ட்டில்தான் இருக்கும். எனவே அன்றைய கோளாறு மியூட்டில் இல்லை. அவசரச் செய்தி, வாழ்த்துச் செய்தி போகும் அதே வழியில் போனதில் இருக்கிறது.

இதற்கு வாட்ஸ்அப்பிலேயே மருந்து இருக்கிறது என்பார்கள். மியூட் செய்த குழுவிலும் @ போட்டு ஒருவரின் பெயரைச் சொன்னாலோ, அவருடைய பழைய செய்திக்குப் பதிலாக எழுதினாலோ அவருக்கு அறிவிப்பு போகும். நல்ல வசதிதான். ஆனால் பதற்றத்தில் இருக்கும் தம்பி @ தட்டி, பட்டியலில் அண்ணன் பெயரைத் தேடித் தொட வேண்டும். எழுதுவதைவிடப் பேசி அனுப்புவதே எளிது என்று பழகிய அம்மாவின் குரல் பதிவுக்குள் இந்த @ நுழையவும் முடியாது. இன்னும் சிலர் ஆண்ட்ராய்டில் தனிச் செயலி போட்டு, குறிப்பிட்ட சொல் வந்தால் மட்டும் மணி அடிக்கும்படி வைக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். தமிழ்க் குடும்பத்தில் இது சீக்கிரம் தோற்கும். ஆஸ்பத்திரி என்ற ஒரே சொல்லைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் பத்து விதமாக அடிப்பார்கள், “ஜி.எச்.ல இருக்கோம்” என்றால் அந்தச் சொல்லே இருக்காது. அதைவிடப் பெரிய தடை, கெட்ட செய்தியை நாம் நேராகச் சொல்வதே இல்லை என்பது. “கொஞ்சம் முடியல”, “அப்பா உன்னப் பாக்கணும்ங்கிறாங்க” என்பதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று மகனுக்குப் புரியும், செயலிக்குப் புரியாது. தேடச் சொல்லிக் கொடுத்த சொற்கள் மூலிகை வைத்தியப் பகிர்வில் வந்து நடுராத்திரியில் எழுப்பிவிடும் என்பது தனிக் கொடுமை.

நிலைத்து நிற்கும் வழி பழையதும் எளிதுமானது: அவசரம் என்றால் குழுவில் எழுதாமல் சாதாரண போன் கால் செய்வது, எடுக்காவிட்டால் உடனே மறுபடி அடிப்பது. இரவில் ‘தொந்தரவு வேண்டாம்’ நிலையில் இருக்கும் போனிலும் இது கேட்கும். ஐபோனில் Allow Repeated Calls இயங்கினால், ஒரே எண்ணிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் வரும் இரண்டாவது அழைப்பு அமைதியைத் தாண்டி ஒலிக்கும். ஆண்ட்ராய்டில் Repeat callers என்ற வசதிக்குப் பதினைந்து நிமிட அவகாசம். அமீரகத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே வாட்ஸ்அப்பில் எழுத்தும் குரல் பதிவும் போகும், அழைப்பு தடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஊரிலிருந்து பச்சைப் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் அதை நம்பியிருக்க முடியாது. இங்கேதான் யாரும் யோசிக்காத ஒரு சின்ன விஷயம் குறுக்கே நிற்கிறது. அன்லிமிட்டெட் ரீசார்ஜில் ஐ.எஸ்.டி. சேராது, அதற்குத் தனியாக பேலன்ஸ் வேண்டும். அம்மாவின் போனில் அந்தப் பணமும் வசதியும் இருக்கிறதா என்பது மகன் எந்தக் குழுவை மியூட் செய்தார் என்பதைவிட முக்கியமான கேள்வி. இருக்கிறதா என்று அறியச் சோதித்துப் பார்ப்பது ஒன்றே வழி. முன்பே பேசிவைத்து, ஓர் இரவு மகன் தூங்கப் போன பின் அம்மா இரண்டு தடவை அடிக்கட்டும். ஒலிக்கவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: அழைப்பே வெளியே போகவில்லை, மறு அழைப்பை ஒலிக்கவிடும் வசதி அணைந்திருக்கிறது, அல்லது போன் முழு சைலண்ட்டில் இருக்கிறது. கடைசிக் காரணம் என்றால் தலையணைக்கடியில் அதிர்வு வைப்பது ஒரு வழி.

உயிர் போகும் நேரத்தில் யாருக்கு இந்த ஒழுங்கெல்லாம் ஞாபகம் இருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பதறுகிறவரின் கை தானாகப் போவது போனை அடிப்பதற்குத்தான். குழுவில் எழுதுவதைவிட அது குறைந்த வேலை. தம்பி கையிலிருக்கும் ஸ்ட்ரெச்சரை விட முடியாதென்றால் தங்கையோ சித்தப்பாவோ அடிக்கலாம். யார் அடிப்பது என்று இரண்டு பேரை முன்பே குறித்துவிட வேண்டும். எல்லாருக்கும் பொதுவான பொறுப்பில், யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லாரும் இருந்துவிடுவதும் நடக்கும். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இரண்டு தடவை அடித்தால் எடுப்பான் என்று தெரிந்துவிட்டால், சீட்டுப் பணத்துக்கும் பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்ற தகராறுக்கும் அதே வழியில் அடிப்பார்கள். உண்மைதான், அப்படி மூன்று முறை நடந்தால் இந்த வழியும் காலை வணக்கப் படத்தின் கதியை அடையும். இதை அடக்குவது வெளிநாட்டில் இருப்பவரின் கையில் இல்லை, வீட்டில் இருப்பவர்களின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் முதல் வரியிலேயே ஆள், நிலை, இடம், தேவை நான்கையும் சொல்லிவிடுவது உதவும். பூட்டிய திரையில் முதல் சில சொற்கள்தான் தெரியும். “தம்பி ஃப்ரீயா?” என்று தொடங்கும் செய்தி கடன் கேட்பதாகவும் இருக்கலாம், மரணமாகவும் இருக்கலாம்.

மியூட்டுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் நான் பெரிதாக மதிப்பது உறவினரின் மனத்தாங்கலை அல்ல. மியூட் செய்தது யாருக்கும் தெரியப்போவதில்லை. குழுவின் சத்தத்துக்குள்ளேயே ஒரு செய்தி இருக்கிறது என்பதுதான் உண்மையான மறுப்பு. தினமும் ஆறு மணிக்கு முருகன் படம் போடும் பெரியம்மா இரண்டு நாள் போடவில்லை என்றால் அதுவே தகவல். இதை எந்த மணியும் அடித்துச் சொல்லாது. பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கே தெரியும். அதனால்தான் ஆர்கைவ் செய்வதை மியூட்டைவிடக் குறைவாக மதிக்கிறேன். 2021க்குப் பிறகு ஆர்கைவில் போட்ட குழு புதுச் செய்தி வந்தாலும் தானாக வெளியே வருவதில்லை. கண்ணில் படாதது நாளடைவில் மனதிலிருந்தும் போய்விடுகிறது. மியூட் செய்த குழு பட்டியலில் நிற்கும், வெள்ளிக்கிழமையோ ஞாயிறோ விடுமுறை நாளில் ஒருமுறை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. பல வீடுகளில் செய்தி போய்ச் சேராததற்குக் காரணம் போன் அல்ல. “அங்க இருக்கிற புள்ளகிட்ட இப்ப சொல்ல வேணாம்” என்று பெரியவர்கள் எடுக்கும் முடிவு. தனியாக இருக்கிறவன் உடைந்துபோவான், உயரத்தில் நின்று வேலை செய்கிறவன் கவனம் சிதறும் என்ற அவர்களின் பயத்தில் அறிவும் இருக்கிறது. ஆனால் இந்த மௌனம் கட்டிய வேலி பெரிய குழுவில்தான் முதலில் உடைகிறது. வீட்டார் பக்குவமாகச் சொல்லக் காத்திருக்கும்போதே தூரத்துச் சொந்தம் ஒருவர் மாலை போட்ட படத்தோடு ஆழ்ந்த இரங்கல் என்று போட்டுவிடுகிறார். குழு மியூட்டில் இருந்தால் அந்த அதிர்ச்சியிலிருந்து மகன் தப்புவார் என்று ஒரு வாதம் வைக்கலாம். தப்புவார், சில மணி நேரத்துக்கு. அந்தச் சில மணி நேரத்துக்கு விலை உண்டு. துபாயிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் சுமார் நாலு மணி நேரம். அமீரகத் தொழிலாளர் சட்டம் பெற்றோர் மரணத்துக்குச் சம்பளத்தோடு மூன்று நாள் விடுப்பு தருகிறது. டிக்கெட் எடுத்து, போர்மேனிடம் சொல்லி, பாஸ்போர்ட் கம்பெனி அலுவலகத்தில் இருந்தால் அதைக் கேட்டு வாங்கிக் கிளம்ப, அன்று காலையே தெரிந்தாக வேண்டும். மகனுக்காக ஃப்ரீசர் பெட்டியில் ஒரு நாள் வைத்துக் காத்திருக்கும் வீடுகள் உண்டு; அன்றே அடக்கம் செய்யும் வழக்கமுள்ள முஸ்லிம் வீடுகளில் அந்த அவகாசமும் கிடையாது. ஆகவே “எது நடந்தாலும் உடனே எனக்குச் சொல்லிவிடுங்கள், நான் தாங்கிக்கொள்வேன்” என்றோ, “ஆஸ்பத்திரியில் சேர்த்து டாக்டர் சொன்ன பிறகு சொல்லுங்கள்” என்றோ, கிளம்புகிறவர் விமானம் ஏறுவதற்கு முன் தன் வாயால் சொல்லி வைத்திருக்க வேண்டும். அப்படிச் சொல்லாதவரின் சார்பில் அந்த இரவு முடிவெடுப்பது ஆஸ்பத்திரி வராண்டாவில் நிற்கும் சித்தப்பாவாகத்தான் இருப்பார்.