ஒரு நிமிடத்தில் ஒரு கொய்யாத் தோட்டம்

பழனியை அடுத்த ஆயக்குடிக் கொய்யாவுக்குத் தனிப் பெயர் உண்டு. அந்தப் பக்கத்தில் ஒரு குடும்பம் ரசாயனம் தவிர்த்துக் கொய்யா வளர்க்கிறது, அதைச் சென்னையிலும் கோவையிலும் வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு நேரடியாக விற்க ஒரு நிமிட வீடியோ எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு எழுதப்படும் வசனம் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கிறது. மேலிருந்து எடுத்த பச்சைப் பரப்பு, தாத்தாவின் கை, நாட்டு மாடு, “மூன்று தலைமுறையா விவசாயம் பண்றோம், நூறு சதவீதம் இயற்கை” என்ற குரல், கடைசியில் ஒரு தொலைபேசி எண்.

இந்த வடிவத்தை நான் முழுவதும் தள்ளிவிட மாட்டேன். கமிஷன் மண்டியில் கைமாறும் பழத்துக்கு வளர்த்தவரின் முகம் கிடையாது. வீடியோ அந்த முகத்தை வாங்குபவரின் கைப்பேசிக்குக் கொண்டுவருகிறது. “நல்லா இருக்குதுங்க, வெட்டிப் பாருங்க” என்று தோட்டக்காரரே தன் பேச்சில் சொல்லும்போது, வாடகைக் குரல் தர முடியாத நம்பிக்கை அதில் வருகிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நிதானமான பேச்சில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொற்கள்தான் அடங்கும். அதில் பாதியைக் குடும்பப் பெருமை எடுத்துக்கொண்டால், வாங்குபவர் கேட்க நினைப்பதற்கு இடமில்லை. பூச்சியை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கொய்யாவில் அந்தப் பூச்சி பழ ஈ. பழம் முற்றும் நேரத்தில் தோலில் ஊசி குத்தியதுபோல் துளையிட்டு முட்டை வைக்கும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வெட்டினால் உள்ளே புழு நெளியும். மழைக்காலத்தில் தொல்லை கூடும்.

இதற்கு மரத்தில் கவர்ச்சிப் பொறி தொங்கவிடுவார்கள். மெத்தில் யூஜினால் வாசனைக்கு ஆண் ஈக்கள் வந்து மாட்டும். வழக்கமான பொறியில், அந்த வாசனைப் பொருளோடு மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லியையும் கலந்து மரக்கட்டையில் ஊறவைப்பார்கள். பழத்தின்மேல் அது தெளிக்கப்படுவதில்லை, உண்மைதான். ஆனாலும் அந்தக் கட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு “மருந்தே இல்லை” என்று சொல்வது பொய். கொல்லிக்குப் பதிலாகச் சோப்புத் தண்ணீர் வைத்த பொறி, பிஞ்சிலேயே பழத்துக்கு உறை கட்டுவது, விழுந்த பழத்தைப் பொறுக்கி ஆழமாகப் புதைப்பது என்ற வழிகள் இருக்கின்றன. இவற்றைச் செய்கிற தோட்டம் அதைத்தான் காட்ட வேண்டும். உறை கட்டும் கைக்குப் பத்து நொடி கொடுத்தால், “நூறு சதவீதம்” என்ற சொல்லே தேவைப்படாது.

சான்றிதழ் விஷயத்திலும் இதே நேர்மை வேண்டும். 2017-இல் வந்த இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இயற்கை உணவு விதிகளின்படி, ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு விவசாயி சான்றிதழ் இல்லாமலே நுகர்வோருக்கு நேரடியாக விற்கலாம். ஆனால் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைப் போட்டுக்கொள்ள முடியாது. சான்றிதழ் வேண்டுமென்றால் கொய்யா போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மாற்றுக் காலமே மூன்று ஆண்டு. எனவே வசனத்தில் “சான்றிதழ் இன்னும் வாங்கலைங்க, ரெண்டு வருசமா ரசாயன உரம் போடறதில்லை, வந்து பாக்கலாம்” என்று வரட்டும். இதனால் சிலர் விலகுவார்கள். மீதமுள்ளவர்கள் அடுத்த முறையும் வாங்குவார்கள் என்பது என் கணிப்பு.

நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்: திரையில் இரண்டு கொய்யா, ஒன்றில் புள்ளி, ஒன்று சுத்தம். “புள்ளி விழுந்தது ஈ குத்துனதுங்க. இதைக் கழிச்சிட்டுத்தான் பெட்டி கட்றோம்.” அடுத்து உறை, பொறி. பிறகு பறிக்கும் பதம்: “செங்காயாத்தான் பறிச்சு அனுப்புவோம். வந்ததும் வெளியே வைங்க, வாசம் வந்ததும் சாப்பிடுங்க.” முடிவில் பெட்டியின் எடை, கூரியர் சேர்ந்த விலை, எந்தக் கிழமை பறிப்பு, நசுங்கி வந்தால் என்ன செய்வோம். பலர் பேருந்திலும் அலுவலகத்திலும் சத்தமில்லாமல் பார்ப்பதால் இவை அனைத்தும் எழுத்தாகவும் திரையில் வர வேண்டும். தாத்தாவை நீக்க வேண்டியதில்லை. அவர் உறை கட்டிக்கொண்டிருந்தால் போதும்.

பலர் கவனிக்காத ஒன்று, வீடியோவின் ஆயுள். வெயிலில் எடுத்த படம் மழையிலும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது ஈயும் அதிகம், பழத்தில் இனிப்பும் குறைவு, கழிவு கூடுவதால் விலையும் மாறியிருக்கும். பழைய விலையைப் பார்த்து அழைப்பவரிடம் ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்க வேண்டிவரும். எடுத்த மாதத்தையும் ஆண்டையும் திரையின் மூலையில் போட்டுவிட்டு, விலையைப் பேச்சில் சொல்லாமல் எழுத்தில் மட்டும் வைத்தால், பருவம் மாறும்போது அந்த ஓர் எழுத்தட்டையை மாற்றிப் புதுப் பதிப்பை அனுப்பிவிடலாம்.