மலையைக் காதால் மறுபடி பார்ப்பது

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018 ஆகஸ்டில் வெளியானது. போடி, தேவாரம், கோம்பை வட்டாரத்தின் ஏலமலைச் சரிவுகளில் மூட்டை சுமக்கும் ரங்கசாமி, சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கப் படும் பாடுதான் கதை. முதல்முறை பார்க்கும்போது நிலம் கிடைக்குமா என்ற கவலை நம்மை இழுத்துக்கொண்டே போய்விடும். முடிவு தெரிந்த பிறகு மறுபடி பார்க்கையில் அந்தக் கவலை இல்லை, கவனம் விடுபட்டு நிற்கிறது. அதை ஒலி என்ற ஒற்றைத் துறையின் மேல் வைத்துப் பார்க்கும் பழக்கம் எவ்வளவு தரும், எங்கே ஏமாற்றும்?

இதற்கு ஒரு நல்ல வழியைப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் மிஷெல் ஷியோன் 1990இல் வெளியான தம் நூலில் சொல்லியிருக்கிறார். ஒரே காட்சியைப் படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேட்பது, ஒலியை அடக்கிப் படத்தை மட்டும் பார்ப்பது, இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒலி தந்த உணர்வைப் படம் தந்ததாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம் என்பது அவர் வாதம். பிரித்தால்தான் எது எதைத் தந்தது என்று தெரியும்.

ரங்கசாமி சுமந்து வரும் ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு போகும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் முன்பிருந்து தொடங்கி, திரையைத் திருப்பி வைத்துவிட்டுக் கேளுங்கள். காலடி எவ்வளவு அருகில் கேட்கிறது? ஆள் தூரத்தில் சிறு புள்ளியாகத் தெரியும் காட்சியிலும் மூச்சு காதருகே இருந்தால், கண் தள்ளி நிற்க, காது மட்டும் அவனோடு நடக்கிறது என்று பொருள். அடுத்து, இசை தொடங்கும் நொடியையும் முடியும் நொடியையும் குறியுங்கள். தொடக்கம் எளிதில் பிடிபடும், முடிவு தப்பிவிடும். ஏனெனில் பெரும்பாலும் இசையை ஒரு காற்றிரைச்சலுக்கோ வண்டிச் சத்தத்துக்கோ அடியில் மெல்லக் கரைத்துவிடுவார்கள். இந்தப் படத்துக்கு இசை இளையராஜா, அதே மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்துக்காரர். அவர் எங்கெல்லாம் ஒதுங்கி, மலையின் ஓசைக்கு இடம் விட்டிருக்கிறார் என்பது இப்படிக் குறித்துப் பார்த்தால்தான் முழுதாகப் புரியும். பழக்கத்தின் பெரும்பயன் இதுதான்: இருப்பதோடு, வேண்டுமென்றே வைக்காமல் விட்டதும் காதில் படத் தொடங்கும்.

குறைகளும் சிறியவை அல்ல. முதலாவது கருவியால் வருவது. கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கி அடிநாதத்தை ஏறக்குறைய விழுங்கிவிடும். இடியின் அடிமுழக்கமும் காற்றாலையின் தாழ்ந்த இரைச்சலும் அதில் வராது. திரையரங்கில் சுற்றிலும் பரவிய சூழலொலி இரண்டு தடங்களுக்குள் நெருக்கப்பட்டிருக்கும். இந்த நிலையில் 'இங்கே ஒலியே இல்லை' என்று தீர்ப்பெழுதினால், அது படத்தைப் பற்றியதா கைப்பேசியைப் பற்றியதா? நல்ல ஹெட்ஃபோனில் ஒருமுறை சரிபார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

இரண்டாவது குறை மலைப்பக்கத்துக்காரர்களுக்கே உரியது. எதிர்ச்சரிவில் நிற்பவரைக் கூப்பிட்டால் குரல் எப்படித் தேய்ந்து திரும்பும் என்று அவர்களுக்குத் தெரியும். தமிழ்ப் படங்களில் வசனத்தைப் பெரும்பாலும் பிறகு ஒலிக்கூடத்தில் டப்பிங் செய்வதால், பேசுபவர் விலகிப் போன பின்னும் குரல் அதே நெருக்கத்தில் ஒலிக்கும் குறையை அவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். அது நல்ல காது. ஆனால் 'இந்தப் பறவை இந்த உயரத்தில் கத்தாது' என்று திருத்தத் தொடங்கும்போது திறனாய்வு சரிபார்ப்பாகச் சுருங்கிவிடுகிறது. ஓர் ஒலி அந்த இடத்துக்கு உரியதா என்பது ஒரு கேள்வி; காட்சியில் அது என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி.

மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. சல்லடை ஏலக்காயை 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று பிரிக்கும், மணத்தைச் சொல்லாது. துறை பிரித்துப் பார்ப்பதும் அப்படியே. படத்தின் முடிவில் ரங்கசாமி, தனக்குச் சொந்தமாயிருந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். கேமரா மேலேறி விலக, காற்றாலைகள் நிறைந்த நிலம் விரிகிறது. அங்கே உறுத்துவது ஒலிக்கலவையின் திறமை மட்டும் அல்ல. தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவும், காட்சியை அவசரப்பட்டு வெட்டாத மு. காசி விஸ்வநாதனின் படத்தொகுப்பும், அதுவரை நடந்த கதையின் கனமும் சேர்ந்து தருவது அது. ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவர் மற்றவர்களின் உழைப்பையும் ஒலியின் கணக்கில் எழுதிவிடுவார். ஒரு மனிதன் நிலமிழந்ததைக் கவனிக்காமல் இரைச்சலின் அளவைக் குறித்துக்கொண்டிருப்பவருக்கு ரசனை வளரவில்லை, மரத்துப்போயிருக்கிறது.

ஆகவே முழுப் படத்தையும் ஒரு துறைக்காக மட்டும் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. பத்து நிமிடக் காட்சி ஒன்று போதும். அதைப் பிரித்துக் கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குறிப்பேட்டை மூடிவிட்டு, அதே காட்சியைக் கதையோடு சேர்த்து இன்னொரு முறை பாருங்கள். இந்தக் கடைசிப் படியை விடுவதாக இருந்தால் முந்தியவற்றைத் தொடங்கவே வேண்டாம்.