பில் விழுந்ததா, விழவில்லையா?

கடைக்குப் புதிய பில்லிங் மென்பொருள் வந்தால் அதனோடு ஒரு தாளும் வருகிறது. ஒரே பக்கம். மேற்பாதியில் புதிய திரையின் படமும் அம்புக்குறிகளும் எண்களும் இருக்கும். கீழ்ப்பாதியில் இரண்டு நிரல்களில் ஓர் அட்டவணை: இடப்பக்கம் வரும் பிழை, வலப்பக்கம் செய்ய வேண்டியது. அதை லமினேட் பண்ணிக் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. 2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் பைக்குக் காசு வாங்கி அதைப் பற்றுச்சீட்டிலும் காட்ட வேண்டும் என்று பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை விதித்தது. இப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் திரை மாற, தாளும் மாறுகிறது. யாழ்ப்பாணத்துக் கடைகளுக்கு மென்பொருள் விற்பவர்கள் இந்த ஒற்றைப் பக்கத்தைப் பெருமையோடு காட்டுவார்கள். கவுண்டரில் நிற்கிற பிள்ளைக்குப் புத்தகம் வாசிக்க நேரமில்லை, எனவே சுருக்கம்தான் உதவி என்பது அவர்கள் வாதம். மேற்பாதியைப் பொறுத்தவரை அது சரி. கீழ்ப்பாதியில் அந்தச் சுருக்கம் கடை ஊழியரின் சம்பளத்தைத் தின்கிறது.

மேற்பாதியின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. திரையில் `Save` என்று இருந்தால் தாளிலும் `Save` என்றே எழுதி, அதன் வேலையைத் தமிழில் சொல்லும் பக்கம் நல்ல பக்கம். பொருளை ஸ்கான் பண்ணுவது, எண்ணிக்கையை மாற்றுவது, பையைச் சேர்ப்பது, காசா கார்டா என்று தெரிவது, வாங்கிய தொகையை அடிப்பது என்று கை போகும் ஒழுங்கிலேயே படமும் போகிறது. புதிதாக வந்தவர் அரை நாளில் பழகிவிடுவார். நீண்ட கையேட்டால் இதைச் செய்ய முடியாது.

கோளாறு பிழை அட்டவணையில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு வரியும் திரையில் வந்த அறிவிப்பைப் போகச் செய்வதற்கே வழி சொல்கிறது. அந்த அறிவிப்பு வந்த நேரத்தில் பில்லும் காசும் எந்த நிலையில் நின்றன என்று எந்த வரியும் கேட்பதில்லை. ஆக எளிய ஒன்றை எடுத்துப் பார்ப்போம். மாலை ஆறு மணி, வரிசையில் ஆட்கள். 4,350 ரூபாய்க்கு ஒருவர் சாமான் வாங்குகிறார், 5,000 ரூபாய் தருகிறார். காசாளர் தொகையை அடித்து `Save` கொடுக்கிறார், லாச்சி திறக்கிறது, 650 ரூபாய் மிச்சக் காசு கைமாறுகிறது. அந்த நேரம் பிரிண்டரில் ரோல் முடிந்து, திரையில் `Printer not ready` என்று வருகிறது. தாளைப் பார்த்தால் 'பிரிண்டரை நிறுத்திப் போடவும், ரோலைச் சரிபார்க்கவும், மீண்டும் பில் போடவும்' என்று இருக்கிறது. காசாளர் தாள் சொன்னபடியே செய்கிறார். சாமான்களைத் திரும்ப ஸ்கான் பண்ணுகிறார், பில் வருகிறது, வாடிக்கையாளர் போய்விடுகிறார். இரவு கணக்கு முடிக்கும்போது லாச்சியில் 4,350 ரூபாய் குறைகிறது. கணினியில் இரண்டு பில்கள், கையில் ஒரு பில்லின் காசு. அந்தக் குறை யாருடைய தலையில் விழும் என்று கடையில் வேலை செய்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இது காசாளரின் கவனக்குறைவு அல்ல. பில்லிங் மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில்தான் வேலை செய்கின்றன. காசு ஏற்றதும் முதலில் பில் பதிவாகிறது, அதற்கு எண் விழுகிறது, இருப்பிலிருந்து சாமான் கழிகிறது. அச்சடிப்பது கடைசி வேலை. ஆகவே பிரிண்டர் முரண்டு பிடிக்கிறது என்ற அறிவிப்பு, பில் விழவில்லை என்பதற்கு அறிகுறியே அல்ல. பெரும்பாலும் பில் விழுந்துவிட்டது என்பதற்கே அது அறிகுறி. இதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. திரையின் மேலே நிற்கும் பில் எண் அடுத்த எண்ணுக்கு நகர்ந்திருக்கிறதா, சாமான் பட்டியல் வெறுமையாகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஐயம் இருந்தால் கடைசிப் பில்களின் பட்டியலைத் திறக்கலாம். 4,350 அங்கே இருந்தால் ரோலைப் போட்டு மறுபிரதி எடுப்பதோடு வேலை முடிந்தது. இல்லையென்றால் மட்டுமே மீண்டும் பில் போட வேண்டும். தாளில் இது இரண்டு வரிகூட எடுக்காது. அந்த இரண்டு வரிகள் இல்லாததால் வரும் சேதம் லாச்சியோடு நிற்பதுமில்லை. தட்டில் பதினொரு அரிசிப் பை இருக்க, கணினி பத்து என்கிறது. வரிக்குரிய சாமானாக இருந்தால், நடக்காத விற்பனைக்கும் வரி கணக்காகிறது. இருப்பு எடுக்கும்போது கூடுதலாக அகப்படும் பைக்கும், மாதங்களுக்கு முன் ஓர் இரவு குறைந்த காசுக்கும் தொடர்பு உண்டென்று அப்போது யாருக்கும் தோன்றாது.

கார்டில் இதே குறை இன்னும் மோசமாகிறது. நம்முடைய சின்னக் கடைகளில் வங்கியின் கார்ட் மெஷினும் பில்லிங் கணினியும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. காசாளர்தான் தொகையைப் பார்த்து மெஷினில் கையால் அடிக்கிறார். சிக்னல் அறுந்து மெஷின் பதிலில்லாமல் நின்றால், 'கார்டை மீண்டும் போடவும்' என்கிறது தாள். முதல் முறையே வங்கி காசைப் பிடித்துவிட்டு, பதில் மட்டும் வழியில் தவறியிருக்கலாம். அப்படியானால் இரண்டாவது முறை வாடிக்கையாளரிடம் இரட்டிப்பாக எடுக்கப்படுகிறது. அவருடைய போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்ததா என்று கேட்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அதுவும் முழுச் சாட்சி அல்ல. எஸ்.எம்.எஸ். பிந்தி வரலாம், வந்த பிறகும், பதில் கிடைக்காத மெஷின் அந்தப் பரிமாற்றத்தைத் தானே திருப்பிவிடலாம். கடைக்குச் சாட்சி மெஷினின் பதிவுதான். கடைசிப் பரிமாற்றத்தின் சீட்டை மெஷினிலேயே மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். `APPROVED` என்று தொகையோடு இருந்தால் கார்டைத் தொடக்கூடாது, பில்லை முடிக்க வேண்டும். தவறி இரண்டு முறை போயிருந்தால், அன்றைய செட்டில்மென்ட் கொடுப்பதற்கு முன் மெஷினிலேயே ஒன்றை இரத்துச் செய்யலாம். கொடுத்த பிறகு வங்கி வழியே நாட்கணக்கில் அலைய வேண்டும். இந்த நேர எல்லை அந்த அட்டவணையில் இருக்க வேண்டிய மிக முக்கியமான செய்தி. அதற்கு அங்கே இடமில்லை.

அறிவிப்பைப் போக்குவதும் கணக்கைச் சரியாக வைப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதைப் பிரித்தானியத் தபால் நிலையங்களின் ஹொரைசன் கணக்கு மென்பொருள் விவகாரம் உலகத்துக்கே காட்டியது. 2015 ஒக்டோபரில் ஸ்கொட்லாந்தின் டால்மெலிங்டன் கிளைக்கு 8,000 பவுண் காசை வரவு வைக்க அங்குள்ள பொறுப்பாளர் முயன்றார். உறுதிசெய்த பிறகும் திரை மறையவில்லை. எனவே அவர் மறுபடி மறுபடி அழுத்தினார். ஒவ்வோர் அழுத்தலும் இன்னொரு 8,000 பவுணாகப் பதிவாகி, மொத்தம் 32,000 ஆனது. கணக்கில் 24,000 பவுண் உதைத்தது. அங்கே பிழை மென்பொருளுடையது, தாளுடையது அல்ல. அந்தக் கிளையில் நடந்தது வெளியே தெரிந்து சரிசெய்யப்பட்டது. ஆனால் அதே மென்பொருள் காட்டிய பற்றாக்குறைகளை நம்பி, 1999 தொடங்கி 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். 2019 டிசெம்பரில் இலண்டன் உயர் நீதிமன்றம் அந்த மென்பொருள் நம்பத்தக்கதாக இருக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. 2024இல் தண்டனைகளை நீக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. திரை நகரவில்லை என்றால் இன்னொரு முறை அழுத்துவது மனிதக் கையின் இயல்பு. அந்த இயல்பைத் தடுத்து நிறுத்துவதற்குத்தான் பிழை அட்டவணை வேண்டும். நம்முடைய தாள்கள் அந்த இயல்பையே விதியாக அச்சடித்துக் கொடுக்கின்றன.

இதற்கு மென்பொருள்காரர் சொல்லும் மறுமொழி ஒன்று உண்டு. இரட்டைப் பதிவைத் தடுப்பது மென்பொருளின் வேலை, கையேட்டின் தலையில் அதைக் கட்டக்கூடாது என்பார்கள். ஒரு பில் முடிந்த சில நிமிடங்களில் அதே சாமான்கள் அதே தொகையில் வந்தால் எச்சரிக்க ஒரு மென்பொருளால் முடியும்; அப்படிச் செய்தால் நல்லது. ஆனால் தாள் எழுதப்படுவது இன்று கவுண்டரில் இருக்கிற மென்பொருளுக்கு, நாளை வரப்போகிறதற்கு அல்ல. மெஷினோடு பேசாத கணினிக்குக் கார்டில் காசு போனதா என்று எந்த நாளும் தெரியப் போவதுமில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் மனிதர். அவருக்குத்தான் வழிகாட்டல் வேண்டும். நேரமில்லை என்ற வாதமும் நிற்காது. பில் எண்ணைப் பார்க்க ஒரு பார்வை போதும். சாமான்களைத் திரும்ப ஸ்கான் பண்ண அதைவிட நேரம் எடுக்கும். இரவில் குறைந்த காசைத் தேட அதைவிட எத்தனையோ மடங்கு எடுக்கும்.

முதலாளிமாரின் தயக்கம் வேறு. பழைய பில்களைப் பார்க்க விட்டால், மறுபிரதி எடுக்க விட்டால், களவுக்கு வழி திறந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். பயத்தில் நியாயம் இல்லாமலில்லை: ஒரு மறுபிரதியை அடுத்த வாடிக்கையாளரிடம் நீட்டிக் காசை மடியில் போட்டுக்கொள்வது பழைய தந்திரம். ஆனால் அதற்கு மருந்து பார்வையை மூடுவதல்ல. மறுபிரதியில் `DUPLICATE` என்று பெரிதாக விழட்டும், எத்தனை மறுபிரதி எடுத்தார்கள் என்பது இரவு அறிக்கையில் வரட்டும், பில்லை இரத்துச் செய்யும் உரிமை மேற்பார்வையாளரிடம் மட்டும் இருக்கட்டும். பார்க்கும் உரிமையையும் அழிக்கும் உரிமையையும் ஒன்றாகக் கட்டிப் பூட்டுகிற கடை, தன் ஊழியரைக் குருடாக்கிவிட்டு அவரிடமே கணக்குக் கேட்கிறது. இரவில் காசு குறைந்தால் ஒரே தொகையில் அடுத்தடுத்து விழுந்த இரண்டு பில்கள் உண்டா என்று பட்டியலை ஓட்டிப் பார்க்க முதலாளிக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த வரியும் எந்தத் தாளிலும் இல்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே: குறை ஊழியரிடமிருந்து அறவிடப்படும்வரை அதைத் தேட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

ஆகவே இந்தப் பக்கங்களை வடிவத்துக்காகவும் சுருக்கத்துக்காகவும் மெச்சுவதை நிறுத்தலாம். பிழை அட்டவணைக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு நிரல் வேண்டும்: பிழை, முதலில் பார்க்க வேண்டியது, பிறகு செய்ய வேண்டியது. ஒவ்வொரு வரியிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதில் சொன்னபடி செய்து முடித்த பிறகு கணினியில் எத்தனை பில், லாச்சியில் எத்தனை முறைக் காசு? இரண்டும் ஒன்று என்று உறுதி சொல்ல முடியாத வரியை அட்டவணையிலிருந்து அடித்துவிட்டு, 'மேற்பார்வையாளரைக் கூப்பிடவும்' என்று மட்டும் எழுதலாம். அப்படி எழுதாமல் 'மீண்டும் பில் போடவும்' என்றே அச்சடிக்கிறவர், அந்த வரியால் குறையும் காசுக்குத் தானும் பொறுப்பு என்று தாளின் அடியில் கையெழுத்து வைக்கட்டும்.