மறைவது யாருடைய சொல்?

மறையும் செய்திகளை வாட்ஸ்அப் 2020 நவம்பரில் கொண்டுவந்தபோது கெடு ஏழு நாள் மட்டுமே. மறு ஆண்டு டிசம்பரில் 24 மணி நேரமும் 90 நாளும் சேர்ந்தன. நேரில் பேசும் பேச்சு போல இதுவும் காற்றோடு போய்விடும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த உவமையோடுதான் எனக்குச் சண்டை. நேர்ப்பேச்சில் கேட்டவளின் நினைவைச் சொன்னவன் அழிக்க முடியாது.

ஓர் ஆய்வு மாணவியையும் அவளது நெறியாளரையும் எடுத்துக்கொள்வோம். தனி உரையாடலில் இருவரில் யார் வேண்டுமானாலும் கெடு வைக்கலாம். அவர் 24 மணி நேரம் வைக்கிறார். வைத்தது யார் என்று உரையாடலிலேயே ஒரு வரி தோன்றும். பழைய செய்திகள் அப்படியே இருக்கும், இனி வருபவைதான் மறையும். கணக்கு தொடங்குவது அனுப்பிய நொடியிலிருந்து, படித்த நொடியிலிருந்து அல்ல. சனிக்கிழமை இரவு 11 மணிக்கு வந்த அசிங்கத்தை அவள் ஞாயிறு இரவு 10 மணிக்குத் திறந்தால், கையில் இருப்பது ஒரு மணி நேரம். அப்போது கெடுவை நீக்கினாலும் வந்துவிட்ட செய்திக்குப் பயனில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் புகார் கொடுக்க மூன்று மாதம் தருகிறது. அவர் தருவது ஒரு நாள்.

2023இல் "Keep" வந்தது. செய்தியை அழுத்திப் பிடித்து அதைத் தேர்ந்தால் கெடு தாண்டியும் உரையாடலில் நிற்கும். ஆனால் அனுப்பியவருக்கு உடனே தகவல் போகும், அவர் மறுத்தால் அதுவே முடிவு. தன் படத்தை அனுப்பிய பெண்ணுக்கு இந்த மறுப்புரிமை நியாயம்தானே என்று கேட்கலாம். அவளுக்கு அது உதவுவதில்லை. பெறுபவன் படத்தைக் கேலரியில் சேமிக்கலாம், திரையைப் படம் பிடிக்கலாம். அவளுக்கு எந்தத் தகவலும் வராது. ஒளிவுமறைவின்றி "Keep" அழுத்துகிறவள்தான் மிரட்டுகிறவனை எச்சரித்துவிடுகிறாள். ஒருமுறை மட்டும் பார்க்கும் படத்தில் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுத்திருக்கிறார்கள், சரி. பக்கத்தில் இன்னொரு போன் இருந்தால் அந்தத் தடை என்ன செய்யும்?

கெடு இல்லாத வேறோர் உரையாடலுக்கு அனுப்பிய செய்தி அங்கே மறையாது. தோழிக்கு அனுப்பி வைக்கலாம். ஆனால் அங்கே போய்ச் சேர்வது வெறும் வாசகம். முதலில் எழுதியவர் பெயரும் எழுதிய நேரமும் உடன் வருவதில்லை. எழுதவில்லை என்று அவர் சொல்ல அது போதும். ஆகவே முதலில் ஸ்கிரீன்ஷாட்: செய்தி, நேரம், கெடு வைத்ததைச் சொல்லும் அந்த வரி, பிறகு தொடர்பு விவரத்தில் உள்ள எண். பெயர் மட்டும் போதாது, பெயர் நாம் சேமித்ததுதானே. மின்னணுச் சான்றுக்கு 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவில் சான்றிதழ் கேட்கிறது. படம் எடுத்த போனை மாற்றாமல், துடைக்காமல் வைத்திருப்பது அதற்காகத்தான்.