பருவமழைக் கணிப்பும் பரஸ்பரத் தகவலும்: ஒட்டுறவு காணாததைக் காண என்ன விலை?

புனேயின் சிவாஜிநகரில் இந்திய வானிலைத் துறையின் பழைய கட்டடத்தை ஊர்க்காரர்கள் இன்றும் ‘சிம்லா ஆபீஸ்’ என்றே சொல்கிறார்கள். 1928-இல் துறையின் தலைமையகம் சிம்லாவிலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. கோப்புகளோடு கில்பர்ட் வாக்கரின் வேலைமுறையும் வந்து சேர்ந்தது. 1904 முதல் 1924 வரை துறையை நடத்திய வாக்கர், உலகெங்கிலும் உள்ள காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் பதிவுகளை இந்தியப் பருவமழையோடு ஒப்பிட்டு, ஒட்டுறவுக் கெழு பெரிதாக இருந்தவற்றைக் கணிப்புச் சமன்பாட்டில் சேர்த்தார். தென் அலைவு என்று இன்று நாம் அறியும் பசிபிக் கடலின் அழுத்த ஊசலை அடையாளம் காட்டியதே இந்தத் தேடல்தான். 1988 முதல் வசந்த் கோவரிகரின் குழுவினர் உருவாக்கிய 16 காரணி மாதிரி பயன்பாட்டுக்கு வந்தபோதும், வடிகட்டி பெரும்பாலும் ஒட்டுறவாகவே இருந்தது. அந்தச் சமன்பாட்டின் அடுக்குகள் வளைந்த உறவுக்கு இடம் தந்தன. ஆனால் உள்ளே நுழைய வேண்டுமானால் ஒரு காரணி முதலில் நேர்கோட்டுத் தேர்வில் தேறியாக வேண்டும். நேர்கோட்டில் நடக்காத காரணிகளை இந்த வடிகட்டி வெளியே நிறுத்திவிடுகிறது, அதனால் பரஸ்பரத் தகவல் என்ற அளவை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம் என்பது இன்று பரவலாக வைக்கப்படும் யோசனை. அதன் பாதி சரி. மறுபாதியைப் பருவமழை போன்ற குறைந்த தரவுள்ள துறையில் மிகுந்த எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சரியான பாதி. ஒரு காரணி உயரும்போது மழையும் சீராக உயர்கிறதா, அல்லது சீராகக் குறைகிறதா என்பதை மட்டுமே ஒட்டுறவு கேட்கிறது. ஒரு கடற்பகுதியின் வெப்பத்தை வைத்துக் கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 90 ஆண்டுகளைக் குளிர்ந்தவை, இயல்பானவை, சூடானவை என 30, 30, 30 ஆகப் பிரிக்கிறோம். குளிர்ந்த 30 ஆண்டுகளில் 10-இல் நல்ல மழை, 20-இல் குறைந்த மழை. இயல்பான 30-இல் 25 நல்லவை, 5 குறைந்தவை. சூடான 30-இல் மறுபடியும் 10 நல்லவை, 20 குறைந்தவை. குளிரிலிருந்து இயல்புக்கு வரும்போது மழை கூடுகிறது, இயல்பிலிருந்து சூட்டுக்குப் போகும்போது அதே அளவு குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுவதால் ஒட்டுறவு துல்லியமாகச் சுழியம். கடல் இயல்பாக இருக்கிறது என்று தெரிந்தவுடனே ஆறில் ஐந்து பங்கு நல்ல மழை என்று சொல்லிவிட முடிகிற ஒரு காரணியை, இந்த வடிகட்டி பயனற்றது என்று தள்ளிவிடும்.

பரஸ்பரத் தகவல் வேறு கேள்வி கேட்கிறது: காரணியைத் தெரிந்துகொண்ட பிறகு மழை பற்றிய நம் ஐயம் எவ்வளவு குறைகிறது? 1948-இல் கிளாட் ஷானன் கொடுத்த கணக்கின்படி ஐயத்தை பிட்டில் அளக்கலாம். மேற்சொன்ன 90 ஆண்டுகளில் 45 நல்லவை, 45 குறைந்தவை. எதுவும் தெரியாதபோது ஐயம் முழுதாக 1 பிட். கடல் குளிர்ந்ததாகவோ சூடானதாகவோ இருந்தால் அது 0.918 ஆகக் குறைகிறது, இயல்பாக இருந்தால் 0.650 ஆகிறது. மூன்றின் சராசரி ஏறத்தாழ 0.829. ஆகவே இந்தக் காரணி தரும் தகவல் 0.171 பிட். எந்தத் தொடர்பும் இல்லாத காரணிகூட 90 ஆண்டுகளில் தற்செயலாகச் சராசரி 0.016 பிட் காட்டும். நம் காரணி அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் காட்டுகிறது. உறவு வளைந்திருந்தாலும், ஓரெல்லைக்கு மேல் மட்டும் விழித்துக்கொண்டாலும், அது எந்த வடிவம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. ஒட்டுறவுக்கு இல்லாத வலிமை இது.

ஸ்பியர்மனின் தரவரிசை ஒட்டுறவே போதுமே என்று ஒருவர் கேட்கலாம். வளைந்தாலும் ஒரே திசையில் செல்லும் உறவுகளுக்கு அது போதும், கணக்கும் எளிது. ஆனால் மேலே கண்டதுபோல் ஏறி இறங்கும் உறவில் அதுவும் சுழியத்தையே தரும். புள்ளிகளை வரைபடத்தில் இட்டுக் கண்ணால் பார்க்கலாமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. பத்துக் காரணிகள் என்றால் அதுதான் சிறந்த வழி. உலகக் கடல்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் காரணிகள் ஆயிரக்கணக்கில் வரும். அங்கே கண்ணுக்கு முன்னால் ஒரு எண் சல்லடை போட வேண்டியிருக்கிறது.

இனி மறுபாதி. பருவமழையின் உண்மையான சிக்கல் இந்த ஏறி இறங்கும் வடிவம்தானா? 1997-இல் பசிபிக்கில் மிக வலுவான எல் நினோ இருந்தது, இந்தியாவில் மழை நீண்டகாலச் சராசரியில் 102 சதவீதம். 2002-இல் எல் நினோ அத்தனை வலுவாக இல்லை, ஆனால் மழை 81 சதவீதம்தான். அந்த ஆண்டுக்கு வானிலைத் துறை சொன்ன கணிப்பு 101 சதவீதம். உலகின் மற்ற மையங்களும் அவ்வளவு பெரிய வறட்சியை முன்கூட்டிச் சொல்லவில்லை. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ண குமாரும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் ‘சயின்ஸ்’ இதழில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். கடல் எவ்வளவு சூடானது என்பதோடு, எங்கே சூடானது என்பதும் முக்கியம். வெப்பம் நடுப் பசிபிக்கில் குவிந்தால் இந்தியாவின் மேல் காற்று கீழிறங்கி மழையை அடக்குகிறது. கிழக்குப் பசிபிக்கில் குவிந்தால் அந்த அடக்கம் பலவீனம். இதிலிருந்து தேர்வுமுறை பற்றி ஒரு பாடம் கிடைக்கிறது. கிழக்குப் பகுதியின் சராசரி வெப்பம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் காரணியாக வைத்திருந்தால், ‘எங்கே’ என்ற செய்தி சராசரி எடுத்தபோதே தொலைந்துவிட்டது. பரஸ்பரத் தகவலாலும் அதை மீட்க முடியாது. நடுப் பகுதியையும் கிழக்குப் பகுதியையும் தனித்தனிக் காரணிகளாக வைத்தாலும், ஒவ்வொன்றாக மதிப்பெண் இட்டால் அவற்றின் சேர்க்கையில் உள்ள செய்தி முழுதாகத் தெரியாது. இரண்டையும் இணைத்து, இந்த ஜோடி மழை பற்றி எவ்வளவு சொல்கிறது என்று கேட்க வேண்டும். மென்பொருள் நூலகங்களில் பரவலாக உள்ள `mutual_info_regression` போன்ற கருவிகள் ஒவ்வொரு காரணியையும் தனித்தனியாகத்தான் மழையோடு ஒப்பிடுகின்றன. நேர்கோடல்லாத உறவையெல்லாம் பிடித்துவிடும் என்று அவற்றை நம்புகிறவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது.

அப்படியானால் ஜோடி ஜோடியாக அளந்துவிடலாமே? இங்கேதான் விலை கொடுக்க வேண்டும். புனே நிறுவனம் தொகுத்த அகில இந்திய மழைத் தொடர் 1871-இல் தொடங்குகிறது. ஆண்டுக்கு ஒரு பருவம், ஆகவே கையில் இருப்பது சுமார் 150 எண்கள். கடல் வெப்பத்தின் நம்பகமான பதிவுகள் அதைவிடக் குறைவு. பேச்சுக்கு 100 ஆண்டுகள் என்று கொள்வோம். காரணியையும் மழையையும் பத்துப் பத்துப் பிரிவுகளாக வெட்டினால் 100 கட்டங்கள், கட்டத்துக்குச் சராசரி ஒரே ஆண்டு. தொடர்பே இல்லாத இரண்டு எண் வரிசைகள் இந்தக் கட்டங்களில் ஏறத்தாழ 0.7 பிட் தகவல் காட்டும். உண்மையான நேர்கோட்டு உறவு ஒன்று அவ்வளவு தகவல் தர வேண்டுமானால் அதன் ஒட்டுறவு 0.79 அளவில் இருக்க வேண்டும். வெறும் இரைச்சல், வாக்கர் கனவு கண்டிருக்கக்கூடிய காரணியின் வேடத்தில் வந்து நிற்கிறது. வறட்சி, இயல்பு, மிகுதி என மூன்று மூன்று பிரிவுகளோடு நிறுத்திக்கொண்டால் இந்தப் பொய்த் தகவல் 0.03 பிட்டாகச் சுருங்குகிறது, ஒட்டுறவில் சொன்னால் 0.2-க்குச் சமம். ஆனால் இரண்டு காரணிகளை மழையோடு இணைத்தால் மூன்று பிரிவுகளிலும் 27 கட்டங்கள் ஆகிவிடுகின்றன, கட்டத்துக்கு நான்கு ஆண்டுகள்கூடத் தேறாது. உறவின் நுட்பமான வடிவத்தைக் காண நுண்ணிய பிரிவுகள் தேவை, நுண்ணிய பிரிவுகளுக்கு இல்லாத தரவு தேவை. ஒட்டுறவு ஒரே ஒரு சாய்வை மட்டும் கணிப்பதால்தான் குறைந்த தரவிலும் நிலைத்து நிற்கிறது. அதன் குருட்டுத்தனமும் சிக்கனமும் ஒரே குணத்தின் இரு முகங்கள்.

கட்டங்களே இல்லாத வழி உண்டு என்பது நிபுணர்களின் பதில். கிராஸ்கோவ், ஸ்டோக்பாவர், கிராஸ்பெர்கர் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட முறை, ஒவ்வொரு புள்ளிக்கும் அருகிலுள்ள சில அண்டைப் புள்ளிகளின் தொலைவை வைத்துத் தகவலைக் கணக்கிடுகிறது. தொடர்பே இல்லாதபோது ஒரு பக்கமாகச் சாயும் குறையை இது பெரிதும் தீர்க்கிறது. ஆனால் சிதறலைத் தீர்ப்பதில்லை. நூறு புள்ளிகளில் அண்டைப் புள்ளிகளின் எண்ணிக்கையை 3-இலிருந்து 7-க்கு மாற்றினாலே காரணிகளின் தரவரிசை இடம் மாறக்கூடும். அப்படி மாறுகிறதா என்று பார்ப்பதே எளிய சோதனை. மாறினால், அந்த வரிசையில் மூன்றாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் வேறுபாடு இல்லை.

இன்னொரு ஆபத்தை வாக்கரே அறிந்திருந்தார். பல காரணிகளைத் தேடி அவற்றில் மிகப் பெரிய ஒட்டுறவை எடுத்தால், தற்செயலுக்கே பெரிய எண் கிடைத்துவிடும் என்பதை 1914-இல் அவர் எழுதினார். 5 சதவீத அளவுகோலில் 200 காரணிகளைச் சோதித்தால், எதற்கும் தொடர்பில்லாவிட்டாலும் சராசரியாக 10 தேறும். எந்த வடிவத்தையும் ஏற்கும் அளவு என்பதால் பரஸ்பரத் தகவல் இந்த ஆபத்தை மறைத்துவிடுகிறது: தற்செயலான எந்தக் கோணல் வடிவத்தையும் அது உறவாக எடுத்துக்கொள்ளும். ஒட்டுறவுக்கு நேர், எதிர் என்ற குறி இருக்கிறது. கடல் சூடானால் மழை குறையும் என்று இயற்பியல் சொல்லும்போது கெழு நேர்மறையாக வந்தால் சந்தேகம் எழும். தகவலின் பிட்டுக்குத் திசை இல்லாததால் அந்தத் தடையும் இல்லை. காலப்போக்கில் உறவு மாறுவதையும் எந்த அளவும் தனியாகச் சொல்லாது. எல் நினோவுக்கும் பருவமழைக்கும் உள்ள ஒட்டுறவு தளர்ந்துவருவதை கிருஷ்ண குமாரும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல் சுட்டிக்காட்டினார்கள். 2002-க்குப் பிறகு 16 காரணிகள் மறுபரிசீலனைக்கு வந்து, 2003-இல் 8, 10 காரணி மாதிரிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. முழுத் தொடருக்கும் ஒரே பிட் எண் போட்டால் இந்தத் தளர்ச்சி அதற்குள் கரைந்துபோகும்.

ஆகவே பரஸ்பரத் தகவலுக்குத் தர வேண்டிய இடம் தேர்வுக் குழுவின் தலைமை நாற்காலி அல்ல. ஒட்டுறவு தள்ளியதை மறுபடி பார்க்கச் சொல்லும் ஆட்சேபம் அது. அதை நேர்மையாகப் பயன்படுத்தும் வழி இப்படி இருக்கும். முதலில் இயற்பியல் காரணம் சொல்லக்கூடிய காரணிகளை மட்டும் பட்டியலிட வேண்டும். மூன்று பிரிவுகளுக்கு மேல் போகாமல் தகவலை அளக்க வேண்டும். பிறகு மழையின் ஆண்டு வரிசையைக் கலைத்துப் போட்டு, பட்டியலின் எல்லாக் காரணிகளுக்கும் மறுபடி கணக்கிட்டு, வரும் மிகப் பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். இப்படி ஆயிரம் முறை செய்து, அந்தப் பெரிய எண்களில் 95 சதவீதத்தை மிஞ்சும் காரணியை மட்டுமே ஏற்க வேண்டும். வாக்கரின் 1914 எச்சரிக்கைக்கு இது கணினிக்காலத்துப் பதில். தேறிய காரணியின் ஒட்டுறவு சிறிதாகவும் தகவல் பெரிதாகவும் இருந்தால், அப்போது வரைபடத்தை வரைந்து வடிவத்தைப் பார்த்து, அதைத் தொடரின் முன்பாதியிலும் பின்பாதியிலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

தினசரி மழை, மணிக்கணக்கான ரேடார் பதிவு என்று வரும்போது தரவு ஆயிரக்கணக்கில் பெருகுகிறது, பரஸ்பரத் தகவலுக்குத் தேவையான இடமும் கிடைக்கிறது. அங்கும் இன்றைய மழை நேற்றைய மழையைச் சார்ந்திருப்பதால், நாட்களைத் தனித்தனியாகக் கலைத்தால் பொய்யான நம்பிக்கையே மிஞ்சும். வாரங்களையோ பருவங்களையோ தொகுதியாகக் கலைக்க வேண்டும். பருவம் முழுவதற்குமான கணிப்பில், ஆண்டுக்கு ஒரு எண் மட்டுமே சேரும் தொடரில், ஒட்டுறவைக் கைவிடுவதற்கு இன்னும் காரணம் இல்லை. அது ‘இல்லை’ என்று சொல்வதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தைத்தான் கைவிட வேண்டும்.