வலது கை ஒரு விரற்கணு கீழே

தோக்கியோவின் மெய்ஜி ஜிங்கூ என்ற ஷிண்டோ கோயிலில் பிரதான மண்டபத்துக்கு முன்னால் ஓரமாக நின்று, வருகிறவர்களின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். காணிக்கைப் பெட்டியில் காசு போடுகிறார்கள். இரண்டு முறை குனிகிறார்கள், இரண்டு முறை கை தட்டுகிறார்கள், மனதுக்குள் வேண்டிக்கொண்டு இன்னொரு முறை குனிகிறார்கள். அரை நிமிடத்தில் முடிந்துவிடும் இந்த வழிபாட்டை நன்றாகச் செய்கிறவரையும் அவசரமாகச் செய்கிறவரையும் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லிவிடலாம்.

முதலில் முதுகைப் பார்க்க வேண்டும். இந்த வணக்கத்தில் கழுத்து தனியாகத் தொங்குவதில்லை. தலை முதல் இடுப்பு வரை ஒரே கோடாக, ஏறக்குறைய தொண்ணூறு பாகை சாய்கிறது. தொடை மேல் இருந்த கைகள் தாமாக வழுக்கி முழங்காலுக்கு வருகின்றன. அவசரக்காரர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நிமிர்ந்துவிடுவார். முதல் இரண்டு வணக்கமும் தெய்வத்தின் முன்னால் வந்து நிற்பதற்கான மரியாதை, கடைசி வணக்கம் விடைபெறுவதற்கு.

இந்த முறையின் உயிர் கைத்தட்டலில் இருக்கிறது. மார்புக்கு நேரே இரு கைகளையும் சேர்க்கிறார்கள். பிறகு வலது கையை மட்டும் ஒரு விரற்கணு அளவு கீழே இழுக்கிறார்கள். இடது கையின் விரல் நுனிகள் மேலே தெரியும்படி அப்படியே வைத்து, கைகளைத் தோள் அகலத்துக்கு விரித்து இரண்டு முறை தட்டுகிறார்கள். தட்டி முடித்ததும் இறங்கியிருந்த வலது கை மேலேறி, விரல் நுனிகள் மறுபடி சமமாகின்றன. அதன் பிறகுதான் வேண்டுதல்.

இந்தச் சிறு நகர்வுக்கு அங்கே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் அழகானது. இடது கை தெய்வம், வலது கை மனிதன். மனிதன் ஒரு படி இறங்கி நின்று தெய்வத்தை அழைக்கிறான். அழைப்பு போய்ச் சேர்ந்த பிறகு இருவரும் ஒன்றாகிறார்கள். உள்ளங்கைகள் சற்று விலகியிருப்பதால் ஓசையும் தெளிவாக வருகிறது என்பது நடைமுறைக் காரணம். சப்பையாக ஒலித்தால் கைகள் முழுதாக ஒட்டி அறைந்திருக்கின்றன என்று பொருள்.

ஓசைக்கு இங்கே ஏன் இவ்வளவு இடம்? ஷிண்டோ கோயிலில் தெய்வம் உறையும் பொருள் உள்ளறையில் மறைவாக இருக்கும். பல இடங்களில் அது ஒரு கண்ணாடி. வழிபட வந்தவர் அதைப் பார்ப்பதில்லை. நம் கோயில்களில் தரிசனம் செய்யும் வேலையை அங்கே இந்த ஓசைதான் செய்கிறது என்பது என் எண்ணம். அதனால்தான் ஷிண்டோ முறைச் சாவுச் சடங்கில் ஓசையை அடக்கிவிடும் வழக்கம் மனதைத் தொடுகிறது. கைகள் தட்டுவதுபோல நெருங்கி வரும், ஆனால் சத்தம் எழாது.

கைத்தட்டல் பழையது. மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சீன வரலாற்று நூல் ஒன்று, ஜப்பானியர்கள் பெரியோரைக் கண்டால் மண்டியிடுவதற்குப் பதிலாகக் கை தட்டி மரியாதை செய்வார்கள் என்று குறிப்பிடுகிறது. ஆனால் ‘இரண்டு, இரண்டு, ஒன்று’ என்ற கணக்கு நாடு முழுவதற்கும் பொதுவானது பிற்காலத்தில்தான். 1868க்குப் பிறகு, மெய்ஜி காலத்து அரசு கோயில் சடங்குகளை ஒழுங்குபடுத்தியபோது உருவான வடிவம் இது. இதற்குள் அடங்காத கோயில்களும் இருக்கின்றன. ஷிமானே மாநிலத்தின் இசுமோ பெருங்கோயிலில் நான்கு முறை தட்ட வேண்டும். மே 14 அன்று நடக்கும் பெருவிழாவில் எட்டு முறை.

வேண்டுதலுக்கு வரையறுத்த வாசகம் கிடையாது. பெயரையும் ஊரையும் மனதுக்குள் சொல்லி, முதலில் நன்றி சொல்லிவிட்டுப் பிறகு கேட்பது பலர் பின்பற்றும் ஒழுங்கு. கேட்கும்போது கூப்பிய கைகள் அசைவதில்லை.

வெளியூர்க்காரர்கள் தடுமாறும் இடம் அசாகுசா. அங்கே சென்சோ-ஜி என்ற பௌத்தக் கோயிலும் அசாகுசா ஜின்ஜா என்ற ஷிண்டோ கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பௌத்தக் கோயிலில் கை தட்டக் கூடாது, ஓசையில்லாமல் கூப்பித்தான் வணங்க வேண்டும். அந்தக் கும்பிடு இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு போனது என்பதால் நம் கைகளுக்கு அது தானாக வந்துவிடும். சில அடி நடந்து ஜின்ஜாவுக்கு வந்ததும் அதே கைகள் தட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். அங்கே தெய்வமாக வணங்கப்படுபவர்களில் இருவர் மீனவச் சகோதரர்கள். சென்சோ-ஜியின் கன்னோன் சிலையை 628இல் சுமிதா ஆற்றில் வலை வீசி எடுத்தவர்கள் என்று கோயில் மரபு சொல்கிறது.

ஜப்பான் போனால் நுழைவாயிலைக் கவனியுங்கள். இரண்டு தூண்களும் மேலே குறுக்குக் கட்டைகளுமாக தோரி நின்றால் அது பெரும்பாலும் ஷிண்டோ கோயில், தயங்காமல் தட்டலாம். தட்டுவதற்கு முன் வலது கையை அந்த ஒரு விரற்கணு கீழே இறக்க மறக்காதீர்கள்.