பொத்தானில் பேசுவது யார்?
செயலிகளின் தமிழ்க் கட்டளைச் சொற்கள் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

கணிப்பொறித் திரையிலும் கைப்பேசிச் செயலியிலும் வரும் பொத்தான் சொற்களைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் கலைச்சொல் தேர்விலேயே கருத்தைச் செலுத்துகின்றனர். 'சேமி' என்பதா, 'பதிவு செய்' என்பதா என்பது போன்ற வினாக்களே விவாதத்திற்கு உரியனவாகின்றன. சொல் சரியாக இருந்தும் பயன்படுத்துவோர் தவறான பொத்தானை அழுத்துவது உண்டு. அதற்குக் காரணம் சொல்லன்று. அச்சொல்லை யார் யாரிடம் கூறுகிறார் என்பது வரையறுக்கப்படாமையே ஆகும். இக்கட்டுரை, முன்பதிவுச் செயலிகளில் காணப்படும் ஓர் உரையாடல் பெட்டியை எடுத்துக்கொண்டு இக்கருத்தை நிறுவ முற்படுகிறது.

2. சிக்கல்

பயணச்சீட்டு ஒன்றை ரத்து செய்ய விரும்புவோர் அதற்குரிய பொத்தானை அழுத்துகிறார். திரையில் ஒரு பெட்டி தோன்றுகிறது. அதில் 'பயணச்சீட்டை ரத்து செய்ய வேண்டுமா?' என்ற வினாவும், அதன்கீழ் 'ரத்து செய்', 'சரி' என்ற இரு பொத்தான்களும் உள்ளன. வந்த நோக்கம் ரத்து செய்வதே ஆதலின் அவர் 'ரத்து செய்' என்பதையே அழுத்துகிறார். பெட்டி மறைகிறது, வேறு செய்தி எதுவும் வருவதில்லை. உண்மையில் சீட்டு ரத்தாகவில்லை. ரத்து செய்யும் செயலே ரத்தாயிற்று. வண்டி புறப்பட்ட பின்னரே இது தெரியவருமாயின் பணத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பு போய்விடக்கூடும்.

இப்பெட்டியின் ஆங்கில மூலத்திலும் இம்மயக்கம் உண்டு. ஆயினும் ஆங்கிலம் அறிந்தோர் OK, Cancel என்னும் இரண்டையும் எல்லாப் பெட்டிகளிலும் கண்டு பழகியவர்கள். Cancel என்பது அவர்களுக்குப் 'பெட்டியை மூடு' என்னும் குறியாகவே ஆகிவிட்டது. தமிழில் 'ரத்து செய்' என்பது அவ்வாறு பொருள் தேய்ந்த சொல்லன்று. உள்ளதை இல்லாததாக்குதல் என்னும் முழுப்பொருளில் வழங்குவது. ஆகவே மொழிபெயர்ப்பில் மயக்கம் குறையாமல் மிகுகின்றது.

3. ஏவலும் இடமும்

ஆங்கிலத்தின் ஏவல் வடிவம் ஒன்றே. தமிழில் 'சேமி', 'சேமியுங்கள்', 'சேமிக்க', 'சேமிக்கவும்' என நான்கேனும் வழங்குகின்றன. இவற்றைப் பொருள் வேறுபாடின்றிக் கலந்து எழுதுவது செயலிகளில் இயல்பாகிவிட்டது. ஆனால் இவை ஒன்றல்ல.

'சேமி' என்பது முன்னிலை ஒருமை ஏவல். அதை மனிதர் பொறியிடம் கூறுவதாகக் கொண்டால் பொருந்தும். பொறி மனிதரிடம் கூறுவதாகக் கொண்டால் மரியாதைக் குறைவாகும். 'சேமிக்கவும்' என்பது அறிவிப்புப் பலகைகளின் வழக்கு; அது பொறி மனிதரிடம் கூறுவதற்கே உரியது. 'சேமிக்க' என்பதோ இருவழியும் மயங்குவது. ககர ஈற்று வியங்கோள் எவ்விடத்தும் எப்பாலிலும் வரும் என்பது நன்னூலார் கொள்கை. மேலும், 'சேமிக்க இங்கே அழுத்தவும்' என்பதில் உள்ள எச்சமும் அதே வடிவினது. ஆகவே பொத்தானுக்கு அது தெளிவான தேர்வாகாது.

இதிலிருந்து ஒரு நெறி பெறப்படுகின்றது. பொத்தான் மனிதரின் குரல். அதில் ஏவல் ஒருமை வரலாம். பெட்டியின் வினாவும் விளக்கமும் பொறியின் குரல். அவற்றில் '-வும்' அல்லது '-உங்கள்' வருதல் வேண்டும். பட்டியின் தலைப்பு யாருடைய குரலும் அன்று, ஓர் இடத்தின் பெயர். ஆதலின் 'என் பயணச்சீட்டுகள்' எனப் பெயர்ச்சொல்லாக அமைதல் வேண்டும். பட்டியில் 'ரத்து' என்று மட்டும் எழுதினால், அழுத்தியவுடன் சீட்டு ரத்தாகுமா, ரத்தான சீட்டுகளின் பட்டியல் வருமா என்பது விளங்காது.

4. ஒரு சொல்லுக்கு மூன்று பொருள்

Cancel என்பது வரும் இடங்களை ஒருங்கே நோக்கினால் மூன்று செயல்கள் வேறுபடுகின்றன. ஏற்கெனவே நடைமுறையில் உள்ள ஒப்பந்தத்தை இல்லாததாக்குவது ஒன்று; அது 'ரத்து செய்'. எழுதிய மாற்றங்களைச் சேமிக்காமல் விடுவது மற்றொன்று; அது 'கைவிடு'. நடந்துகொண்டிருக்கும் பதிவிறக்கத்தை இடையில் முடிப்பது மூன்றாவது, அது 'நிறுத்து'. மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பது சீர்மை எனக் கருதப்படுகிறது. சீர்மை என்பது ஒரு செயலுக்கு ஒரு சொல் என்பதேயன்றி, ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்பதன்று.

இப்பிழைக்கு மொழிபெயர்ப்பாளர் மட்டுமே பொறுப்பல்லர். gettext முறையில் அமைந்த கோப்பில் ஒரே எழுத்துகளாலான மூலத்தொடர் எத்தனை இடங்களில் வரினும் ஒரே பதிவாக ஒன்றுசேர்க்கப்படும். அவற்றைப் பிரிக்க நிரலாளர் சூழற்குறிப்பு இடுதல் வேண்டும்:

```
msgctxt "ticket"
msgid "Cancel"
msgstr "சீட்டை ரத்து செய்"

msgctxt "form"
msgid "Cancel"
msgstr "கைவிடு"
```

msgctxt என்னும் வரி இல்லாத கோப்பைப் பெறும் மொழிபெயர்ப்பாளர், சொல்லைத் தேடுமுன் அவ்வரியைக் கேட்டுப் பெறுவதே முறை.

5. திருத்தம்

மேற்கண்ட பெட்டியைப் பின்வருமாறு மாற்றியமைக்கலாம். வினா: 'இந்தப் பயணச்சீட்டை ரத்து செய்யவா?' முதற் பொத்தான்: 'சீட்டை ரத்து செய்'. இரண்டாம் பொத்தானுக்குச் 'சீட்டை ரத்து செய்யாதே' என்பது பொருந்தாது. இரண்டும் ஒரே தொடக்கம் உடையனவாதலின் விரைந்து படிப்போர் கண் ஈற்றைத் தவறவிடும். 'வைத்துக்கொள்' என்பதும் பொருந்தாது. 'கொள்' என்னும் துணைவினை பயன் அடைவோரைச் சுட்டுவது. ஆதலின் அது பொறி மனிதரை ஏவுவதாகக் குரல் மாறிவிடும். சீட்டு விற்பனைச் சாளரத்தில் நிற்பவர் மனம் மாறினால் 'சீட்டு இருக்கட்டும்' என்றே கூறுவார். அதுவே இங்குத் தகுந்த தொடர். வடிவால் அது ஏவலன்றாயினும் குரல் மனிதருடையதே. நெறி குரலைப் பற்றியதேயன்றி விகுதியைப் பற்றியதன்று என்பது இதனால் விளங்கும். ரத்து செய்த பின்னர் 'பயணச்சீட்டு ரத்து செய்யப்பட்டது' என்னும் செய்தி வருதல் வேண்டும். பொத்தானில் வந்த சொல்லே செய்தியிலும் வந்தாலன்றித் தாம் ஏவியதே நிகழ்ந்தது என்ற உறுதி கிட்டாது.

இத்திருத்தத்திற்கு ஓர் எல்லை உண்டு. இணையப் பக்கத்தில் அப்பெட்டி `confirm()` என்னும் ஆயத்தப் பெட்டியாக இருப்பின் பொத்தான்களின் சொற்களை உலாவியே தருகிறது. நிரலாளர் அவற்றை மாற்ற இயலாது. அங்கு மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது வினாவை மாற்றுவதே. 'உங்கள் பயணச்சீட்டு நீக்கப்படும். தொடரலாமா?' என்றால், 'ரத்து செய்' என்ற பொத்தான் அங்கிருப்பினும் வினாவின் வினைச்சொல்லோடு மோதாது. ஆயினும் 'ரத்து' என்ற சொல்லை வினாவிலிருந்து விலக்குவதால் பக்கத்தின் பிற இடங்களோடு சொல்லொருமை கெடுகிறது. முழுமையான தீர்வு, அப்பெட்டியை விடுத்துத் தனிப்பெட்டி அமைப்பதேயாகும்.

6. சோதனை

திருத்தம் பயன்பட்டதா என அறிய இரு எளிய வழிகள் உள. முதலாவது, வினாவை ஒரு தாளால் மறைத்துப் பொத்தான்களை மட்டும் ஒருவரிடம் காட்டி, ஒவ்வொன்றையும் அழுத்தினால் என்ன நிகழும் எனக் கேட்பது. 'சரி' என்பதற்கு எவராலும் விடை கூற இயலாது. 'சீட்டை ரத்து செய்' என்பதற்கு இயலும். இரண்டாவது, கோப்பைத் தமிழ்ச் சொல் வரிசையில் அடுக்கிப் பார்ப்பது. ஒரே தமிழ்ச் சொல் இருவேறு செயல்களுக்கு நேர் நின்றால், அவ்விடங்களே மறு ஆய்வுக்கு உரியன.

7. முடிவுரை

கலைச்சொல் அகராதி 'ரத்து செய்' என்பது சரியான சொல் என்று கூறும், அது உண்மையே. அச்சொல் எந்தப் பெட்டியில், எவ்வினாவின் கீழ், யாருடைய குரலாக நிற்கிறது என்பதை அகராதி கூறாது. அதனைக் கூறுவதே பொத்தானுக்குச் சொல் எழுதுவோரின் பணி.